கேபிள் ஸ்வெட்டரும் மென்கம்பளியும்: பின்னல் உடம்போடு ஓடும்படி வரைவது எப்படி

ஸ்வெட்டர் போட்ட ஆளை வரையும்போது பெரும்பாலோர் முதலில் ஆளை வரைவார்கள், அதன்மேல் சட்டையின் வெளிக்கோட்டைப் போடுவார்கள், கடைசியில் உள்ளே பின்னலை நிரப்புவார்கள். நானும் பல வருடம் இப்படித்தான் செய்தேன். ஒரு சிறுவர் கதைக்குப் படம் போட்டபோது மீனவர் ஒருவருக்குக் கயிறு மாதிரி முறுக்கு ஓடும் தடித்த கேபிள் ஸ்வெட்டர் வரைந்து கொடுத்தேன். அச்சில் வந்த பிறகு பார்த்தால், பின்னல் உடம்பில் இல்லை. உடம்பின் முன்னால் தொங்கும் ஒரு ஜன்னல் திரைச்சீலையில் இருந்தது. கைகளில் இன்னும் மோசம். தோளில் அகலமாக இருந்த முறுக்கு மணிக்கட்டில் நூலாக இளைத்துப் போயிருந்தது. பின்னல் ஊசி பிடித்த எவரும் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தவறு கையில் இல்லை. ஸ்வெட்டர் எப்படிப் பின்னப்படுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டி வரைவதில் தொடங்காமல் துணியில் தொடங்குகிறது. எடுத்துக்காட்டுக்கு அயர்லாந்தின் அரன் தீவுகளில் பிறந்த தடித்த கேபிள் ஸ்வெட்டரை எடுத்துக்கொள்கிறேன். கால்வே விரிகுடாவின் வாயில் இருக்கும் மூன்று சிறு தீவுகள் அவை. சாயம் ஏற்றாத வெண்ணெய் நிறக் கம்பளியில், நடுவில் வைரக்கட்டமும் இருபுறமும் கயிறு முறுக்குமாக வரும் இன்றைய வடிவம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனிப் பின்னல் உண்டு என்று சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஆகவே எந்த முறுக்கை எங்கே வைப்பது என்பது வரைபவரின் விருப்பம். அது எப்படி ஓட வேண்டும் என்பதில்தான் விருப்பத்துக்கு இடமில்லை.

முதலில் ஒரு பனியனைப் பாருங்கள்

நம் ஊரில் எல்லார் வீட்டிலும் தடித்த ஸ்வெட்டர் இருக்காது. ஆனால் திருப்பூர் பனியன் இருக்கும். அதுவும் பின்னல் துணிதான். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன ‘V’ வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழுமாகக் கோடுகள் போல் ஓடும். திருப்பினால் உள்பக்கத்தில் குறுக்கே மேடு மேடாக இருக்கும். வெளிப்பக்கத்தின் ஒவ்வொரு ‘V’யும் ஒரு கண்ணி. ஸ்வெட்டரிலும் இதே கண்ணிதான், அளவு மட்டும் பெரிது.

செங்குத்தாக அடுக்கிய கண்ணிகளை நிரல் என்றும், குறுக்கே போவதை வரிசை என்றும் இங்கே சொல்கிறேன். நிரல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உடல் பகுதியில் நிரல் இடுப்பிலிருந்து தோளுக்கு ஓடும். கையில் நிரல் கையின் நீளத்தோடு தோளிலிருந்து மணிக்கட்டுக்கு ஓடும். வரிசைகள் வளையல் மாதிரி கையைச் சுற்றும். உடலும் கையும் தனித்தனித் துணிகள், தனித்தனித் திசைகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பின்னல் தொடராது, முட்டி நிற்கும். நான் வரைந்த மீனவர் படத்தில் இந்தச் சந்திப்பே இல்லை. மார்பின் கோடுகள் வளைந்து அப்படியே கைக்குள் போயிருந்தன.

கேபிள் முறுக்கு எப்படி உண்டாகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஆறு கண்ணி அகலமுள்ள ஒரு பட்டையில் மூன்று கண்ணிகளைத் தனி ஊசியில் எடுத்து முன்னால் நிறுத்தி வைத்து, அடுத்த மூன்றை முதலில் பின்னிவிட்டு, நிறுத்தி வைத்ததைப் பிறகு பின்னுவார்கள். முதல் மூன்று இரண்டாவது மூன்றின்மேல் தாண்டி இடப்பக்கம் போய்விடும். இதையே எட்டு வரிசைக்கு ஒருமுறை செய்தால் இரண்டு புரிக் கயிறு மாதிரி முறுக்கு வரும். நிறுத்தி வைத்ததை முன்னால் வைக்காமல் பின்னால் வைத்தால் முறுக்கு வலப்பக்கம் சாயும். நெஞ்சின் இடது வலது பக்கங்களில் முறுக்குகளை எதிரெதிராகச் சாய்ப்பது வழக்கம். கயிற்றின் இருபுறமும் துணியின் பின்பக்கக் கண்ணிகள் வெளியே தெரியும்படி ஒரு சிறு பள்ளம் விடுவார்கள். முறுக்கு மேலெழுந்து தெரிவதே அந்தப் பள்ளத்தால்தான். பள்ளம் இல்லாத முறுக்கு துணியில் அச்சடித்த மாதிரி இருக்கும்.

அளவு போடுவது

கண்ணியின் அளவு தெரியாமல் வரைந்தால் ஒன்று பூசணிக்காய் அளவுக்குப் பெருகும், இல்லை கடுகாகச் சுருங்கும். தடித்த நூலில் 10 செ.மீ.க்குச் சுமார் 14 கண்ணி, 20 வரிசை வரும். அதாவது ஒரு கண்ணி சுமார் 7 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரம். கண்ணி எப்போதும் உயரத்தைவிட அகலம் கூடியது. ‘V’யை ஒல்லியாக நீட்டி வரைவது எல்லாரும் செய்யும் தவறு.

ஏ4 தாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வரைவதாக வைத்துக்கொள்வோம். ஸ்வெட்டரின் சுற்றளவு 110 செ.மீ. முன்பக்கத் துணி 55 செ.மீ. அதை நடுவிலிருந்து ஒரு பக்கமாக இப்படிப் பிரிக்கிறேன். நடு வைரக்கட்டத்தில் பாதி 6 செ.மீ., பள்ளம் ஒன்றரை, கயிறு 4, மறுபடி பள்ளம் ஒன்றரை, மறுபடி கயிறு 4. இதுவரை 17 செ.மீ. மிச்சம் பத்தரை செ.மீ. புள்ளி புள்ளியாகத் தெரியும் பாசிப் பின்னல்.

இதை அப்படியே ஐந்தால் வகுத்துத் தாளில் வைத்தால்தான் ஜன்னல் திரைச்சீலை வரும். உடம்பு தட்டை இல்லையே. மார்பை மேலிருந்து பார்த்தால் நீள்வட்டம்: பக்கவாட்டில் அகலம், முன்பின் குறைவு. 110 செ.மீ. சுற்றளவுள்ள அந்த நீள்வட்டம் முன்னாலிருந்து பார்க்கும்போது ஏறக்குறைய 42 செ.மீ. அகலம்தான் தெரியும். 55 செ.மீ. துணி 42 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்காது. முன்பக்கம் ஏறத்தாழ தட்டையாக இருப்பதால் முதல் 17 செ.மீ. துணி 16 செ.மீ.யாகத் தெரியும், இழப்பு ஒரே ஒரு செ.மீ. வெளியே இருக்கும் பத்தரை செ.மீ. பாசிப் பின்னல் 5 செ.மீ.க்குள் நெருங்கிவிடும். தாளில் கணக்கிட்டால் நடுவிலிருந்து 3.2 செ.மீ. வரை வைரமும் கயிறுகளும், அதற்கப்புறம் வெறும் 1 செ.மீ.க்குள் பாசிப் பின்னல் முழுவதும்.

கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு தாளில் சம இடைவெளியில் கோடுகள் கிழித்து, ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஒட்டி நேரே பார்த்தால் போதும். நடுக்கோடுகள் விரிந்தும் ஓரக்கோடுகள் நெருங்கியும் தெரியும். பாட்டில் வட்டம், மார்பு நீள்வட்டம் என்பதால் மார்பில் இந்த நெருக்கம் ஓரத்தில் இன்னும் திடீரென்று வரும். என் மேசையில் இந்த பாட்டில் எப்போதும் நிற்கிறது.

உடம்பில் கோடு போடுவது

எச்பி பென்சிலில் மெல்லிசாக ஆளின் உடம்பை வரையுங்கள். ஸ்வெட்டரின் வெளிக்கோட்டை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். தடித்த பின்னலே ஒரு செ.மீ. அளவுக்குக் கனம் பிடிக்கும்; அதற்குக் கீழே சட்டையும் இருக்கும்.

முதல் கோடு நடுக்கோடு. கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வழியாக அடிப்பட்டி வரை. ஆள் திரும்பி நின்றால் இந்தக் கோடும் திரும்பும், மார்பு மேட்டில் வளையும். பிறகு மேலே சொன்ன அளவுகளை மார்பு உயரத்தில் ஒருமுறை, இடுப்பு உயரத்தில் ஒருமுறை புள்ளி வைத்து, நடுக்கோட்டின் வளைவையே பின்பற்றி இணையுங்கள். வெளியே போகப் போக நிரல்கள் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டை ஒத்துப் போகும்.

அடுத்து வளையங்கள். பார்ப்பவரின் கண் மட்டம் மார்புக்கு நேராக இருந்தால், மார்புக்குக் கீழே உள்ள வரிசைகள் கீழ்நோக்கிப் பிதுங்கி வளையும். தோள் பக்கம் உள்ளவை மேல்நோக்கி வளையும். எட்டு வரிசைக்கு ஒரு வளையம் போதும். எட்டு வரிசை 4 செ.மீ., தாளில் 0.8 செ.மீ. ஸ்வெட்டரின் நீளம் 60 செ.மீ., அதில் அடிப்பட்டியின் ரிப், அதாவது மேடும் பள்ளமுமாகக் கோடு கோடாக வரும் பின்னல், 7 செ.மீ. போனால் மீதி 53-இல் 13 வளையம் வரும். ஒவ்வொரு வளையமும் கயிறு தாண்டும் இடம். நான்கு வளையத்துக்கு ஒரு வைரம் என்று வைத்தால் வைரத்தின் உயரம் 16 செ.மீ., அகலம் 12. இடப்பக்கக் கயிறு தாண்டும் அதே வளையத்தில்தான் வலப்பக்கக் கயிறும் தாண்ட வேண்டும். ஒரே வரிசையில் பின்னியவை என்பதால் வேறு வழியில்லை. கண்ணுக்குத் தோன்றியபடி ஒவ்வொரு கயிற்றையும் தனித்தனியாக முறுக்கிக்கொண்டு போனால் மேலே போகப் போக இரண்டும் கணக்குத் தப்பிவிடும்.

இப்போது கயிறு. 0.8 செ.மீ. அகலமும் அதே உயரமும் உள்ள சதுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையிலிருந்து இடது மேல் மூலைக்குச் சாய்ந்த ஒரு தடித்த புரி. அதன் கீழ் நுனி முந்தைய புரிக்கு அடியிலிருந்து வெளிவரும். மேல் நுனி அடுத்த புரிக்கு அடியில் நுழையும். அந்த நுழையும் இடத்தில் ஒரு சின்ன முக்கோண நிழல் விழும். 2பி பென்சிலில் அதை அழுத்திப் போடுங்கள். மறுபக்கக் கயிற்றில் எல்லாம் கண்ணாடிப் பிம்பம். புரிக்குள் இருக்கும் ‘V’கள் நேராக நிற்காமல் புரியின் சாய்வோடு சாயும், நேராக நிறுத்தினால் முறுக்கு செத்துப்போகும். இந்த அளவில் ஒரு ‘V’ ஒன்றரை மி.மீ. கூட இல்லை. எல்லாவற்றையும் வரைய வேண்டாம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் மட்டும் தெளிவாக வரைந்து, முழு வெளிச்சத்தில் விட்டுவிடுங்கள். ஆழ்ந்த நிழலில் பள்ளங்கள் மட்டும் தெரிந்தால் போதும்.

கை: எல்லாரும் சறுக்கும் இடம்

தோளில் கை அகலம், மணிக்கட்டில் ஒல்லி. அதனால் எல்லா நிரலும் மணிக்கட்டை நோக்கி விசிறி மாதிரி குவியும் என்று கண் நினைக்கிறது. அது தவறு. நூலும் ஊசியும் மாறாததால் கண்ணியின் அகலம் தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாறாது. கண்ணிகளின் எண்ணிக்கைதான் மாறும். எங்கே மாறும்? கைக்கு அடியில், அக்குளிலிருந்து மணிக்கட்டுக்கு ஓடும் தையலில்.

எண்ணிப் பார்ப்போம். மேல்கையில் சுற்றளவு 42 செ.மீ. என்றால் 59 கண்ணி. கைப்பட்டிக்கு மேலே 24 செ.மீ., அதாவது 34 கண்ணி. சுமார் 25 கண்ணி குறைய வேண்டும். தையலின் இருபுறமும் 12, 12. கையின் நீளம் ரிப் நீங்கலாக 48 செ.மீ., 96 வரிசை. எட்டு வரிசைக்கு ஒரு ஜோடி குறைந்தால் கணக்கு சரியாக வருகிறது. கயிறு ஒருமுறை தாண்டும்போதெல்லாம் அடிப்பக்கத்தில் ஒரு ஜோடி நிரல் தையலில் முட்டி மறையும்.

இதைப் படத்தில் காட்டும் விதம் எளிது. கையின் நடுக் கயிற்றைத் தோளில் 0.8 செ.மீ. அகலத்தில் தொடங்கி மணிக்கட்டிலும் அதே 0.8-இல் முடியுங்கள். மேலே கையின் அகலம் தாளில் 2.7 செ.மீ., அதில் கயிறு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கீழே கையின் அகலம் 1.5 செ.மீ., அங்கே கயிறு பாதிக்கு மேல். பக்கத்திலிருக்கும் பாசிப் பின்னல்தான் குறுகி, கையின் அடிக்கோட்டில் ஒவ்வொரு நிரலாக ஓடி மறையும். இந்த ஒன்றைச் சரியாகப் போட்டாலே படம் பின்னினதாகத் தெரியும், பூசினதாகத் தெரியாது.

நடுக் கயிறு எங்கே தெரியும் என்பதையும் யோசிக்க வேண்டும். அது தோளின் உச்சியிலிருந்து கையின் வெளிப்பக்கமாக இறங்குகிறது. ஆள் நேரே நின்று கைகளைத் தொங்கவிட்டால் கயிறு வெளிக்கோட்டின் ஓரத்திலேயே வரும். முன்னால் தெரிவது பெரும்பாலும் பாசிப் பின்னல். கயிற்றைக் கையின் நடுவில் காட்ட ஆசையிருந்தால் ஆளை முக்கால் பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள், பின்னலைத் திருப்பாதீர்கள்.

தோள் சந்திப்பு மரபான அரன் ஸ்வெட்டரில் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். உடல் துணி தோளைத் தாண்டி மேல்கையில் கொஞ்சம் இறங்கி முடியும். அங்கே உடலின் நிரல் ஒரு திசையில் வந்து நிற்க, கையின் நிரல் வேறு கோணத்தில் புறப்படும். கையை நீட்டினால் அந்தக் கோணம் செங்கோணம். கையைத் தொங்கவிட்டால் குறுகும், ஆனால் போகாது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக வெட்டிய ராக்லன் வகையில் உடலின் நிரல்களும் கையின் நிரல்களும் அந்தச் சாய்கோட்டில் வந்து வந்து முடியும். இன்னொரு நுணுக்கம்: தோளில் கண்ணியெடுத்துக் கீழ்நோக்கிப் பின்னிய கையில் ‘V’கள் தலைகீழாக, கூரை மாதிரி தெரியும். பெரிய அளவில் வரைந்தால் மட்டுமே இது தேவைப்படும்.

முழங்கை மடங்கும்போது வெளிப்பக்கம் வரிசைகள் விலகும், கண்ணி நீளும். உள்பக்கம் தடித்த பின்னலில் இரண்டோ மூன்றோ உருண்டையான மடிப்புதான் விழும், அதற்குமேல் மடங்க இடமில்லை. கயிறு மடிப்புக்குள் போய் மறுபக்கம் வெளிவரும்போது கணக்கை விடாதீர்கள். மடிப்பு 2 செ.மீ. துணியை விழுங்கினால் அதற்கப்புறம் அடுத்த தாண்டல் இரண்டு செ.மீ.யிலேயே வந்துவிடும், நாலு வரை காத்திருக்காது. அந்த இடத்தில் முறுக்கு விட்ட இடத்திலிருந்தே தொடங்கினால் மடிப்பு துணியில் விழுந்ததாக இருக்காது, பென்சில் கோடாகவே இருக்கும்.

மென்கம்பளியில் வேறு வழி

மெரினோ மாதிரி மெல்லிய நூலில் கையால் பின்னினாலே 10 செ.மீ.க்கு 32 கண்ணி வரும். இயந்திரப் பின்னல் இன்னும் நுணுக்கம். நம் அளவில் ஒரு கண்ணி 0.6 மி.மீ. பேனா முனையே 0.3 இருக்கும்போது அதை வரைய முடியாது, முயன்றால் துணி சாக்குத் துணியாகத் தெரியும். ஆகவே கண்ணியை விட்டுவிட்டுத் திசையை மட்டும் காட்ட வேண்டும்.

திசை தெளிவாகத் தெரிவது ரிப்பில். கழுத்து, கைப்பட்டி, அடிப்பட்டி மூன்றிலும் இரண்டு கண்ணி மேடு, இரண்டு கண்ணி பள்ளம் என்று வரும் இரண்டுக்கு இரண்டு ரிப்பில் ஒரு மேடும் பள்ளமும் சேர்ந்து தாளில் இரண்டரை மி.மீ. வரும், அது வரையத்தக்க அளவு. கழுத்தில் ரிப் கோடுகள் கழுத்தை நோக்கி ஆரமாகச் சாயும். மார்பில் துணி இழுபடும் இடத்தில் ரிப் இருந்தால் பள்ளம் விரிந்து தெரியும். நல்ல மென்கம்பளி ஸ்வெட்டரில் அக்குளிலிருந்து கழுத்து வரை தையலுக்குச் சற்று உள்ளே தள்ளி, கண்ணி குறைத்த இடங்கள் வரிசையாகச் சின்னச் சின்னச் சாய்ந்த தழும்புகளாகத் தெரியும். ஏழெட்டு குறுங்கோடுகள் போதும், கடையில் வெட்டித் தைத்த துணி அல்ல, வடிவத்தோடு பின்னியது என்று தெரிந்துவிடும்.

மீதி வேலையை மடிப்புகள் செய்யும். மென்கம்பளி உடம்போடு ஒட்டுவதால் அக்குளிலிருந்து மார்புக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு மெல்லிய, கூரிய பல மடிப்புகள் விழும். மடிப்பின் நிழல் தேயும் ஓரத்தில் நிரலின் திசையில் மயிரிழை மாதிரி சில கோடுகள். உடலில் மேலும் கீழும், கையில் கையின் நீளத்தோடு. குறுக்கே ஒரு கோடு போட்டாலும் கண் உடனே நெய்த துணி என்று நினைத்துக்கொள்ளும்.

கணினியில் வரைபவர்களுக்கு

பின்னலின் தட்டையான படத்தை ஒட்டி வளைக்கும் வார்ப் கருவி உதவும், ஆனால் முழு ஸ்வெட்டருக்கும் ஒரே படத்தை ஒட்டி வளைக்காதீர்கள். உடல், இடக்கை, வலக்கை, கழுத்து, பட்டிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி லேயர். கைக்கு வளைக்கும்போது கீழ் முனையைக் கிள்ளிக் குறுக்காமல், அகலத்தை அப்படியே விட்டு, அடிப்பக்கம் அதிகமானதை மாஸ்க் வைத்து வெட்டுங்கள். நிரல்கள் தையலில் மறைவது தானாக வந்துவிடும்.

முடிக்கும் முன்

படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடது வலது கயிறுகளில் ஏதாவது ஒன்று சறுக்கியிருந்தால் திருப்பிப் பார்க்கும்போது தெரியும். அடிப்பட்டியில் ஒரு நிரலை எடுத்து விரலால் தோள் வரை ஓட்டுங்கள், எங்காவது பக்கத்து நிரலில் போய்க் கலந்தால் அங்கே தவறு. அப்புறம் வெளிக்கோட்டுக்கு வாருங்கள். தடித்த பின்னலில் அது நேர்கோடாக இருக்கக் கூடாது. கயிறு ஓரத்தைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு மேடு, பாசிப் பின்னலில் சின்ன நொறுநொறுப்பு. மென்கம்பளியில் கோட்டை வழவழப்பாக விட்டு, வெளிச்சம் பின்னாலிருந்து வரும் பக்கம் மட்டும் அழிப்பானின் முனையால் லேசாக உடைத்துவிடுங்கள். கம்பளியின் மெல்லிய மயிர் அங்கேதான் வெளிச்சத்தைப் பிடிக்கிறது.